போனைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிகிறது. டாக்டர் "ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்கிறார். அவரும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கணவர் வெளியூரில் இருப்பதால் அவருக்கும் ஒன்று போகிறது. அதே போனில்தான் ஐந்து வயது மூத்த பையன் சாயங்காலம் கார்ட்டூன் பார்க்கிறான். பார்த்து முடித்ததும் தம்பிப் பாப்பாவின் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். பக்கத்தில் மாமனாரோ, பார்க்க வந்த விருந்தாளியோ உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் குழந்தையின் தப்பு எதுவுமில்லை. தள்ளினால் அடுத்த படம் வரும் என்று அவனுக்குத் தெரியும், தள்ளுகிறான். ஆகவே போனைக் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை நம்முடையது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. குழந்தையை ஒரே ஆப்புக்குள் நிறுத்தி வைப்பது ஒன்று. அந்தப் போட்டோவை கேலரியிலிருந்தே எடுத்துவிடுவது இன்னொன்று. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் ஆகிவிட்டதாக நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் கார்ட்டூனைப் பார்ப்போம். இதற்கு ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஆப்பைத் திரையோடு சேர்த்துக் குத்தி வைப்பது. செட்டிங்ஸில் Security & privacy பகுதிக்குள் போய்த் தேடினால் App pinning என்று இருக்கும். சாம்சங் போனில் Pin app என்று போட்டிருப்பார்கள். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் pin என்று தட்டினால் வந்துவிடும். அதை ஆன் செய்யும்போது அதன் கீழேயே Ask for PIN before unpinning என்று இன்னொரு பொத்தான் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இது ஆஃப்பில் இருந்தால் குத்தி வைத்ததற்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் திரையைக் கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்தாலே ஆப் விடுபட்டுவிடும். எதையும் இழுத்துப் பார்க்கிற விரலுக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆன் செய்திருந்தால், விடுபடும்போது போன் பூட்டுத் திரைக்குப் போய் பின் நம்பரைக் கேட்கும்.

அதன் பிறகு கார்ட்டூன் ஆப்பைத் திறந்து, சமீபத்தில் திறந்த ஆப்களெல்லாம் அட்டை அட்டையாகத் தெரியும் திரைக்கு வந்து, அந்த அட்டையின் மேலிருக்கும் சின்னத்தைத் தொட்டால் Pin என்று வரும். அதைத் தொட்டுவிட்டுக் கொடுங்கள். இனி ஹோம் பொத்தான் வேலை செய்யாது. மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுக்கவும் முடியாது. குழந்தைகள் பெரும்பாலும் வேறு ஆப்புக்குள் நுழைவது இந்த நோட்டிஃபிகேஷன் வழியாகத்தான் என்பதால் இது பெரிய காப்பு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு மெசேஜ் எட்டிப்பார்க்கும், அதைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்துகொள்ளும், அங்கே கை பட்டதெல்லாம் யாருக்காவது போய்ச் சேரும். இப்படித்தான் ஒவ்வொரு குடும்பக் குரூப்பிலும் அர்த்தமில்லாத எழுத்துக்களும் வாய்ஸ் மெசேஜ்களும் வந்து விழுகின்றன.

ஆனால் குத்தி வைத்த ஆப்புக்குள் என்ன இருக்கிறதோ அத்தனையும் திறந்தேதான் இருக்கும். யூடியூபைக் குத்தி வைத்தால் யூடியூபில் உள்ளதெல்லாம் குழந்தைக்கும் உண்டு. சில ஆப்கள் தமக்குள்ளிருந்தே வேறு ஆப்பைத் திறக்கக்கூடும் என்று குத்தும்போதே போன் எச்சரிக்கிறது. கேலரியைக் குத்தி வைத்துக் கொடுத்தாலோ, அந்தத் தையல் போட்டோ இருக்கும் இடத்திலேயே குழந்தையை உட்கார வைத்த கதைதான்.

அங்கேதான் இரண்டாவது வேலை வருகிறது. கூகுள் போட்டோஸில் Locked Folder என்று ஒரு பூட்டிய அறை உண்டு. 2021-ல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, ஐபோனுக்கு 2023-ல். போட்டோவைத் திறந்து மெனுவில் Move to Locked Folder என்பதைத் தொட்டால் படம் அதற்குள் போய்விடும். பிறகு அது சாதாரண வரிசையிலும் வராது, தேடினாலும் வராது, 'சென்ற ஆண்டு இதே நாளில்' என்று ஆப் தானாகக் காட்டும் நினைவுகளிலும் வராது. போனிலுள்ள மற்ற ஆப்களாலும் அதை எடுக்க முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த அறைக்கு பேக்கப் ஆன் செய்யாமல் விட்டால் படம் அந்த ஒரு போனில் மட்டுமே இருக்கும். போன் தொலைந்தாலோ, ஆப்பை அழித்தாலோ படமும் போயிற்று. தையல் போட்டோ போனால் பரவாயில்லை என்பார்கள். ஆனால் பிரசவ அறையில் எடுத்த முதல் படத்தையும் அதற்குள் வைத்திருந்தால்?

இப்போது நம் பெண் படத்தை உள்ளே தள்ளிவிட்டார். முடிந்ததா என்றால், இல்லை. ஒரு போட்டோ போனுக்குள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கேமராவில் எடுத்த மூலப்படம் உள்ளே போய்விட்டது, சரி. டாக்டருக்கு அனுப்பியபோது வாட்ஸ்அப் தனக்கென்று ஒரு நகலை Sent என்ற ஃபோல்டரில் வைத்துக்கொண்டது. அது வழக்கமாக கேலரியில் தெரியாது, ஆனால் ஃபைல் மேனேஜரில் தெரியும். அந்த சாட்டைத் திறந்தாலும் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்று எடிட் செய்து சேமித்திருந்தால் அது தனிப் படம். சரியாக வரவில்லை என்று முதலில் எடுத்து அழித்த இரண்டு படங்களும் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழித்த பிறகும் 60 நாள் தொட்டியில் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள் இருக்கும். இதற்கு மேல் கணவரின் போன். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பில் வந்த படம் தானாகவே கேலரியில் போய் உட்காரும்படி இருப்பதுதான் வழக்கம். அவர் ஊருக்கு வந்ததும் பையன் கேட்கப்போவது அந்தப் போனை.

வந்த படங்கள் கேலரிக்குள் நுழைவதைத் தடுக்க வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Chats என்பதற்குள் Media visibility என்று ஒரு பொத்தான் இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவரின் சாட்டுக்கு மட்டுமாகவும் அதை மாற்றலாம். ஆனால் இனி வரும் படங்களுக்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே வந்து சேர்ந்தவை கேலரியிலேயே இருக்கும். அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்குப் பூட்டுப் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆப் பூட்டியிருக்கும், அதில் வந்த படங்கள் வெளியே இருக்கும்.

அடுத்து, சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன Locked Folder திறப்பது போனின் திரைப்பூட்டில்தான். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பின்னைத் தட்டுகிறார்! ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்கள் தெரியாவிட்டாலும் விரல் போகும் வழி தெரியும். கோடு இழுக்கிற பேட்டர்ன் என்றால் இன்னும் சுலபம். சில வீடுகளில் 'ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடாதே' என்று குழந்தையின் கட்டைவிரலையே போனில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். பதிவான எந்த விரலும் போனுக்கு ஒன்றுதான், அந்தக் கட்டைவிரல் பூட்டிய அறையையும் திறக்கும். ஆகவே செட்டிங்ஸில் Fingerprint பகுதிக்குப் போய் எத்தனை விரல்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். யாருடையது என்று தெரியாததை அழித்துவிடுங்கள்.

குழந்தைக்குப் பின் ஏற்கெனவே தெரியும் என்றால் பூட்டுக்கென்று தனிச் சாவி வேண்டும். சாம்சங்கில் Secure Folder-க்கும், 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15-லிருந்து கிடைக்கும் Private space-க்கும் போனின் பின்னிலிருந்து வேறான பின் வைக்க முடியும். வைக்கும்போது கைரேகையைச் சேர்க்காமல் விடுவது நல்லது; அசந்து தூங்கும் அம்மாவின் விரலை எடுத்து வைத்துத் திறக்கிற பிள்ளைகள் உண்டு. ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் App lock என்ற பெயரில் ஒவ்வொரு ஆப்புக்கும் பூட்டுப் போடும் வசதி போனிலேயே வருகிறது. பேங்க் ஆப், மெயில், வாட்ஸ்அப், கேலரி ஆகிய நான்கைப் பூட்டினாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

இந்த வசதிகள் போனிலேயே இருக்கும்போது, பிளே ஸ்டோரில் கால்குலேட்டர் வடிவில் வருகிற 'ரகசியப் பெட்டி' ஆப்களை இறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிக அந்தரங்கமான படங்களை முகம் தெரியாத ஒருவர் செய்த ஆப்பிடம் ஒப்படைக்கிறோம். போதாததற்கு, படங்களை வெளியே எடுக்காமல் ஆப்பை அழித்துவிட்டால் பல சமயம் படங்களும் சேர்ந்து அழியும். குழந்தை அந்தச் சின்னத்தை அழுத்திப் பிடித்து இழுத்தாலே போதும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி சற்று நேரானது. செட்டிங்ஸில் Accessibility-க்குள் Guided Access-ஐ ஆன் செய்து, அதற்கென்று தனிப் பாஸ்கோடு வையுங்கள். ஆப்பைத் திறந்து பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போன் அந்த ஆப்பிலேயே நிற்கும். திரையில் எந்தப் பகுதி தொட்டாலும் வேலை செய்யக் கூடாதோ அதை விரலால் வட்டம் போட்டு அடைத்துவிடலாம், எத்தனை நிமிடம் என்றும் வரையறுக்கலாம். கேலரியில் மறைத்த படங்களுக்கான Hidden ஆல்பம், 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல் முகத்தையோ பாஸ்கோடையோ கேட்டுத்தான் திறக்கிறது. 2024-ன் ஐஓஎஸ் 18-ல் ஆப் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் Require Face ID வருகிறது. வீட்டு ஐபேடும் அதே ஆப்பிள் கணக்கில் ஓடினால் அதையும் எடுத்துப் பாருங்கள். பழைய ஐஓஎஸ் என்றால் அங்கே Hidden ஆல்பத்துக்குப் பூட்டு இருக்காது.

எல்லாம் செய்த பிறகு, கொடுப்பதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆப்பைக் குத்தி வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரை உங்களுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். திரையில் என்ன தெரிகிறது, தொட்டால் திறக்கிறதா? பிறகு விடுவித்து, போனோடு வந்த கேலரியைத் தனியாகவும் கூகுள் போட்டோஸைத் தனியாகவும் திறந்து, அந்தப் போட்டோ எடுத்த தேதிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே போனில் இரண்டு கேலரி இருப்பது பலருக்கு நினைவிருக்காது, இரண்டுக்கும் குப்பைத்தொட்டி வேறு வேறு. அடுத்து ஃபைல் மேனேஜரில் Images. கடைசியாக, வாட்ஸ்அப்பில் யாருக்காவது படம் அனுப்பப் போவதுபோல் இணைப்புச் சின்னத்தைத் தொட்டால், போனிலுள்ள படங்கள் வரிசையாக விரியும். அந்த வரிசையில் அது இல்லை என்றால் கொடுக்கலாம்.