பேட்டின் பின்பக்கம்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் மற்ற 3 தங்கங்களும் சீனாவுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தது ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி. சீனாவின் வாங் ஹாவும் தென்கொரியாவின் ரியூ சியுங்-மின்னும் மோதினார்கள். இருவரும் பேட்டைப் பேனாபோலப் பிடிக்கும் பென்ஹோல்ட்காரர்கள்தான். ஆனால் ரியூவின் பேட்டில் ஒரு பக்கம் மட்டுமே ரப்பர். வாங் ஹாவின் பேட்டில் இரண்டு பக்கமும் ரப்பர். பென்ஹோல்டின் பழைய முறையும் புதிய முறையும் ஒரே மேசையில் நேருக்கு நேர் நின்ற ஆட்டம் அது.

இன்று பெரும்பாலானோர் பிடிப்பது ஷேக்ஹேண்ட். கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். கடைசி மூன்று விரல்கள் அதைச் சுற்றிக்கொள்ளும். ஆள்காட்டி விரல் பேட்டின் ஒரு பக்கத்திலும் கட்டைவிரல் மறுபக்கத்திலும் லேசாகப் படியும். பேட் முழங்கையின் நீட்சியாகிவிடுவதால் இடம், வலம் இரண்டு பக்கமும் கை எட்டும். ஃபோர்ஹேண்டுக்கு ஒரு முகம், பேக்ஹேண்டுக்கு மறுமுகம். முழங்கையை அச்சாக்கி முன்கையை வீசினாலே பேக்ஹேண்ட் டாப்ஸ்பின் கிடைத்துவிடும். இதன் பலவீனம் உடலுக்கு நேரே இருக்கிறது. ஆடும் கையின் முழங்கையை நோக்கிப் பந்து வந்தால், எந்த முகத்தால் அடிப்பது என்று முடிவெடுப்பதற்குள் பந்து கடந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிராளியின் அந்த இடத்தைத்தான் குறிவைப்பார்கள்.

பென்ஹோல்டில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியின் கழுத்தைக் கவ்வும். மற்ற மூன்றும் பின்பக்கம் போய்விடும். பேட்டின் தலை கீழ்நோக்கித் தொங்கும். மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது தாராளமாகச் சுழலும். சர்வ் போடும்போதும், வலைக்கு அருகில் விழும் குட்டைப் பந்தைத் தட்டிவிடும்போதும் இந்தச் சுதந்திரம் தெரியும். இதே சுதந்திரம் வேண்டித்தான் ஷேக்ஹேண்ட்காரர்களில் பலர், ஃபோர்ஹேண்ட் சர்வ் போடும்போது மட்டும் கைப்பிடியிலிருந்து மூன்று விரல்களை விடுவித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் பேக்ஹேண்டில். பழைய பென்ஹோல்டில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே முகம்தான். இடது ஓரம் வரும் பந்துக்கு (வலது கையால் ஆடுபவரை வைத்துச் சொல்கிறோம்) முன்கையைத் திருப்பி, பேட்டை உடலுக்கு முன்னால் கொண்டுவந்து தள்ள வேண்டும். எதிராளியின் வேகத்தைத் திருப்பியனுப்ப அது அருமையான அடி; உடலுக்கு நேரே வரும் பந்திலும் முகம் மாற்றும் குழப்பம் இல்லை. ஆனால் கை விலகி நீள முடியாது. மணிக்கட்டு மடங்கியிருப்பதால் கீழிருந்து மேலே உரசி டாப்ஸ்பின் ஏற்றுவதும் கடினம்.

அந்த ஓட்டையைக் கால்களால் அடைப்பதே ரியூவின் வழி. பேக்ஹேண்ட் மூலையிலேயே நின்று, அங்கே வரும் பந்துக்கும் சட்டென்று ஒதுங்கி ஃபோர்ஹேண்டாலேயே விளாசுவார். அடித்து முடித்த கணம் வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். அடுத்த பந்து அங்கே போனால் மேசையின் 1.525 மீட்டர் அகலத்தையும் பாய்ந்து கடந்தாக வேண்டும். ஒருமுறை தாமதித்தாலும் புள்ளி போய்விடும். இந்த ஓட்டத்தை இளம் உடம்புதான் தாங்கும்.

வாங் ஹா கொண்டுவந்தது வேறு விடை. பேட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, அந்த முகத்தாலேயே பேக்ஹேண்ட் அடிப்பது. 1996 ஒலிம்பிக் சாம்பியன் லியு குவோலியாங் இதை இடையிடையே பயன்படுத்தினார். வாங் ஹாவோ இதையே தன் முழு பேக்ஹேண்டாக்கிக்கொண்டார். ஆள்காட்டி விரல் தளர வேண்டும், கட்டைவிரல் அழுத்த வேண்டும். அழுத்தம்தான் பேட்டின் முகத்தை மூடும். பழகுபவரின் பந்து திரும்பத் திரும்ப மேசையைத் தாண்டிப் பறந்தால், கட்டைவிரலின் அழுத்தம் போதாமல் முகம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பேட்டின் தலை கீழே சாய்ந்தபடியே வீசுவதால் டாப்ஸ்பினோடு பக்கச் சுழலும் ஏறும். மேசையில் விழுந்த பந்து வளைந்து விலகும். ஷேக்ஹேண்ட் பேக்ஹேண்டிலிருந்து இந்த வளைவு சாதாரணமாக வராது. பதிலுக்கு இரண்டாவது ரப்பரின் எடையை மணிக்கட்டு சுமக்கிறது, முழங்கைக்கு நேரே தடுமாறும் பழைய ஷேக்ஹேண்ட் சிக்கலும் வந்து சேர்கிறது.

ஏதென்ஸில் 4-2 என்று வென்றது ரியூவின் கால்கள். ஆனால் அடுத்த தலைமுறை பின்பற்றியது தோற்றவரின் அடியை. 2009-இல் வாங் ஹா உலக சாம்பியன் ஆனார். 2022-இல் ஜெர்மனியின் டாங் சியு ஐரோப்பிய சாம்பியன். 2024 பாரிஸில் 17 வயது பிரெஞ்சு வீரர் ஃபெலிக்ஸ் லெப்ரன், பிரேசிலின் ஹுகோ கால்டெரானோவை 4-0 என்று வீழ்த்தி வெண்கலம் பெற்றார். மூவருமே பென்ஹோல்ட்காரர்கள், மூவரின் பேக்ஹேண்டும் பேட்டின் பின்பக்கத்திலிருந்தே வருகிறது. ஃபெலிக்ஸின் அண்ணன் அலெக்சிஸும் உலகத்தரமான வீரர்தான். அவர் பிடிப்பது ஷேக்ஹேண்ட்.