படத்தின் கீழே ஒரு வரி

தாராசுரத்தில் பிரதோஷம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது வெயில் இறங்கி, கல்லெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அக்காள் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், ராஜகம்பீரன் மண்டபத்துத் தேர்ச்சக்கரத்தின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை என்னிடம் நீட்டினாள். "சித்தி, இதுக்கு என்ன எழுதிப் போடலாம்? பீத்திக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது, சாமியைக் கொச்சைப்படுத்துற மாதிரியும் இருக்கக் கூடாது." கும்பகோணம் பேருந்துக்காக நின்ற நேரத்தில் அவளே நான்கு வரிகளை அடித்து வைத்திருந்தாள். நான்கையும் அழித்துவிட்டு ஐந்தாவதை எழுத ஊர் போய்ச் சேரும்வரை ஆகிவிட்டது.

முதல் வரி: 'மன அமைதி தரும் இடம்.' இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இதை வேளாங்கண்ணிக் கடற்கரைப் படத்துக்கும் போடலாம், கொடைக்கானல் ஏரிக்கும் போடலாம். படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் படித்தால் எந்தச் சாமி, எந்த ஊர் என்று தெரியாது. தாராசுரம் வரை வந்து ஐராவதேசுவரரை வணங்கிவிட்டு, அவர் பெயரையே சொல்லாமல் நம் மனம் அடைந்ததை மட்டும் சொல்கிறோம்.

இரண்டாவது: 'அவர் அழைத்தார், வந்தேன்.' என் அம்மா எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும் இதைத்தான் சொல்வார். "அவன் கூப்பிட்டாத்தான் போக முடியும்." அவர் சொல்லும்போது அது அடக்கம். போனதன் பெருமை தனக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிற பேச்சு. அதையே நம் முகம் நடுவில் இருக்கும் படத்தின் கீழே எழுதினால் பொருள் திரும்பிவிடுகிறது. அழைக்கப்பட்டவள் நான் என்று ஊருக்கு அறிவிப்பதாகிறது. சொல் அதேதான், அது நிற்கிற இடம் வேறு.

மூன்றாவது: 'ராஜராஜ சோழன் கட்டிய ஆயிரம் ஆண்டு அதிசயக் கோபுரம்.' பக்தியோடு எழுதியதுதான், ஆனால் மூன்று பிழைகள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் ராஜராஜன், அது நிறைவெய்தியது 1010இல். தாராசுரத்தைக் கட்டியவர் இரண்டாம் ராஜராஜன், 12ஆம் நூற்றாண்டு. ஆகவே ஆயிரம் ஆண்டு ஆகவில்லை, எண்ணூற்றுச் சொச்சம். படத்தில் உயர்ந்து தெரிவதும் கோபுரம் அன்று. கருவறைக்கு மேலே எழுகிற விமானம். கோபுரம் என்பது வாசலின் மேல் நிற்பது. தாராசுரத்து வெளிவாசல் பெரிய கோபுரத்தின் மேல்நிலைகள் இன்று இல்லை. அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. 'அதிசயம்', 'உலகமே வியக்கும்' போன்ற சொற்களைத் தேடிப் போகும்போதுதான் இப்படிப்பட்ட பிழைகள் கூடவே வந்துவிடுகின்றன. கோயிலைப் பற்றித் தப்பாகச் சொல்லாமல் இருப்பதும் மரியாதைதான் என்று நினைக்கிறேன்.

நான்காவதாக ஒரு பதிக அடியை எடுத்து வைத்திருந்தாள். தேவாரம் என்று எழுதியிருந்தாள். அது திருவாசகம். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. தேவாரம் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவர் பாடியது, திருவாசகம் மாணிக்கவாசகருடையது. அதைவிட முக்கியமாக, தேவாரப் பதிகங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஓர் ஊருக்குரியவை. தாராசுரம் மூவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தி எழுந்த கோயில் என்பதால் அதற்கு அவர்கள் பாடிய பதிகம் கிடையாது. வேறு ஊர்ச் சாமியின் பாட்டை இங்கே ஒட்டுவது குற்றமில்லை, தெரிந்து செய்தால். மனப்பாடமாக உள்ளே இருந்து வந்த அடி என்றால் போடலாம். தேடி எடுத்து வெட்டி ஒட்டியது என்றால், முழுப் பதிகத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தபிறகு போடலாமா என்று பார்க்கச் சொன்னேன். அவளே அழித்துவிட்டாள்.

"அப்ப என்னதான் எழுதறது?" என்றாள். பதில் சற்று முன் அவள் கண்ணெதிரே இருந்தது.

தாராசுரத்துப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிக் குனிந்து பார்த்தால் சின்னச் சின்னச் சிற்பப் பலகைகள் வரிசையாக ஓடும். நாயன்மார் அறுபத்துமூவர் கதை. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டியவன். ஒரு தலைமுறைக்குள் அந்தக் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. பலகைகளுக்கு மேலே, சோழர் காலத் தமிழ் எழுத்தில், இது யார் என்று பொறித்திருக்கிறார்கள். எழுத்து தேய்ந்த இடங்கள் உண்டு. தெரிகிற இடங்களில் கதை தெரிந்த ஓதுவாரோ கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரோ விரல் வைத்துக் காட்டினால் நாமும் படித்துவிடலாம். படத்துக்கு வரி எழுதும் பழக்கம் கைப்பேசியோடு வந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

அந்த வரிகளின் அளவைக் கவனிக்கச் சொன்னேன். பல இடங்களில் பெயர் மட்டும். சில இடங்களில் பெயரும் நடந்த ஒரு காரியமும். சுந்தரர் கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டி வழக்காடிய கதை எல்லாருக்கும் தெரியும். வந்தவர் சிவபெருமான். திருவெண்ணெய்நல்லூர் வரை போன அந்த வழக்குக்குக் கல்லில் எழுதியவர் செலவழித்த சொற்கள் மிகக் கொஞ்சம்: நம்பிக்கு ஓலை 'காட்டினபடி'. அவ்வளவுதான். அருள், அதிசயம், ஆச்சரியம் என்று ஒரு சொல் கிடையாது. செதுக்கியவர் பெயர் கிடையாது. பார்க்கிறவன் என்ன உணர வேண்டும் என்ற கட்டளையும் கிடையாது. யார், என்ன செய்தார் என்பதோடு கை நின்றுவிட்டது.

அதே சோழர்கள்தான் மெய்க்கீர்த்தியும் எழுதினார்கள். எந்த நாட்டை வென்றான், யார் முடியைப் பறித்தான் என்று அரசனின் புகழை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட வரிகள். அதற்கு அரசாங்கக் காரணம் இருந்தது. ஆனால் அடியார் படத்தின் தலைமேல் எழுதும்போது அந்த நடையை அவர்கள் எடுக்கவில்லை. இரண்டு நடையும் தெரிந்த கைதான், இடமறிந்து சிறியதைத் தேர்ந்தெடுத்தது. கோயில் படத்தின் கீழே நாம் எழுதும் வரி பெரும்பாலும் கெட்டுப்போவது மெய்க்கீர்த்தியின் பக்கம் சாயும்போதுதான். ஒரே ஒரு மாற்றம், அரசன் இருந்த இடத்தில் நாம் இருப்போம்.

பேருந்து வந்தது. உட்கார இடமும் கிடைத்தது. அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள். 'தாராசுரம் ஐராவதேசுவரரைப் பார்த்தேன்.' நல்ல தொடக்கம். 'பார்த்தேன்' மட்டும் உறுத்தியது. இதற்குத் தமிழில் நம் வீடுகளிலேயே சொற்கள் உண்டு. "நல்ல தரிசனம் கிடைச்சது" என்போம், "தரிசனம் ஆச்சு" என்போம். கிடைப்பதும் ஆவதும் நம் கையில் இல்லாத காரியங்கள். அந்த வினைச்சொல்லிலேயே 'நான்' கரைந்துபோய்விடுகிறது. தனியாகப் பணிவைச் சேர்க்க வேண்டியதே இல்லை. பெருமாள் கோயில் என்றால் 'சேவித்தோம்' என்பார்கள். குலசாமி கோயில் என்றால் 'பொங்கல் வைத்தோம்'. 'சாமி கும்பிட்டோம்' எங்கும் செல்லும். எந்தக் கோயிலுக்குப் போனோமோ அங்கே வருகிறவர்கள் வாயில் வரும் சொல்லை எடுத்தால் வரி அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'டெம்பிள் விசிட்' என்று எழுதும்போது அது சுற்றுலாவாகிவிடுகிறது.

நாளையும் போடச் சொன்னேன். ஆங்கிலத் தேதியைப் படமே காட்டிவிடும். 'பிரதோஷம்' என்று ஒரு சொல் எழுதினால், தெரிந்தவர்களுக்கு நந்திக்கு அபிஷேகம் நடந்த அந்த மாலைப்பொழுதே வந்துவிடும்.

அடுத்தது படம். சக்கரத்தின் மேல் ஒரு கையை ஊன்றி, தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். அந்தச் சக்கரத்தை எல்லாரும் தொட்டுத் தொட்டுச் சில இடங்கள் வழுவழுப்பாகியிருக்கின்றன. எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. படம் ஒன்று சொல்ல, வரி வேறொன்று சொல்லும். வேறு படம் உண்டா என்று கேட்டேன். கருவறைப் பக்கம் எடுக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் கோயிலின் தூய்மை, அமைதி பற்றிய கவலையால்தான். தாராசுரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் வெளியே படமெடுக்க முடிகிறது. உள்ளே ஒளித்து எடுத்த படத்தின் கீழே எந்த வரியும் பக்தியாகாது.

விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வெளிப்பிராகாரத்தில் என் அம்மா, அவளுக்கு அம்மாச்சி, முதுகு தெரிய நடந்துபோகிறார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகூப்பியபடி. பக்கச் சுவரில் அந்தச் சின்னப் பலகைகள். முகம் தெரியவில்லை. அவள் தெரியாமல் எடுத்தது, சக்கரத்துப் படத்துக்காக வெளிச்சம் பார்த்தபோது விழுந்தது.

கொஞ்ச நேரம் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதிக் காட்டினாள்: 'அம்மாச்சி வலம் வந்தபடி. தாராசுரம், பிரதோஷம்.' கல்லில் பார்த்த அந்தப் 'படி'யை எடுத்து அவளாகவே வைத்திருந்தாள். கைகூப்பும் பொம்மை ஒன்றைச் சேர்த்திருந்தாள், அதையும் பிறகு எடுத்துவிட்டாள், படத்திலேயே கை கூப்பித்தானே இருக்கிறது என்று. ஹேஷ்டேக் எதுவும் போடவில்லை.

படத்தில் இருப்பவரைக் கேட்காமல் போடக் கூடாது என்றேன். முன் இருக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்த அம்மாவிடம் கைப்பேசியை நீட்டினாள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டி, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தன் முதுகைப் பார்த்துச் சிரித்தார். வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எல்லாம் சரி கண்ணு. ஊர் பேரு இருக்கு, என் பேரு இருக்கு. சாமி பேரை எங்க காணோம்?"

அவள் கைப்பேசியை வாங்கித் திருத்தினாள். பேருந்து கும்பகோணத்துக்குள் நுழையும்போது படம் போய்விட்டது:

'ஐராவதேசுவரர், தாராசுரம். பிரதோஷத்தன்று அம்மாச்சி வலம் வந்தபடி.'