850 டாலர் பெரியதா, 4,000 டாலர் பெரியதா?

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்கு ஈடாகத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தினார். அதுவரை அவுன்ஸ் 35 டாலர் என்று 1934 முதல் கட்டிப்போடப்பட்டிருந்த அதிகாரபூர்வ விலையின் கயிறு அன்றோடு அறுந்தது. 2025 அக்டோபரில் அதே அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. இந்த ஐம்பத்து நான்கு ஆண்டுக் கதையை ஒரே தாளில் வரைந்து பார்த்தால், முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோடு தரையோடு தரையாக ஊர்கிறது. 1980-ல் சின்ன மேடு ஒன்று தெரிகிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் செங்குத்தாக ஒரு சுவர் எழுந்து நிற்கிறது. பார்ப்பவர் எவரும், தங்கம் இப்படி ஏறியதே இல்லை என்றுதான் நினைப்பார்.

ஏறியிருக்கிறது, அதுவும் இதைவிட வேகமாக. அந்த வரைபடத்தில் எண்கள் எல்லாம் சரிதான். அவற்றை உட்காரவைத்த அளவுகோல்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

சாதாரண அளவுகோலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரே தொகையைக் குறிக்கும். 200 டாலருக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 4,000 டாலர் 20 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஆனால் 100 டாலரில் வாங்கியவருக்கு 200 டாலர் ஏற்றம் என்றால் போட்ட பணம் மும்மடங்கு. 4,000-ல் வாங்கியவருக்கு அதே 200 டாலர் வெறும் 5 சதவீதம். தாளில் இரண்டும் ஒரே 1 செ.மீ.தான். ‘சவரனுக்கு ரூ.1,000 உயர்வு’ என்ற செய்தியிலும் இதே சிக்கல் இருக்கிறது. சவரன் பத்தாயிரமாக இருக்கும்போது அது 10 சதவீதம், ஒரு லட்சமாக இருக்கும்போது 1 சதவீதம். தலைப்பின் எழுத்து மட்டும் இரண்டு நாளும் ஒரே அளவு தடிமன்.

மடக்கை அளவுகோல் தொகையை விட்டுவிட்டு மடங்கைப் பிடித்துக்கொள்கிறது. 100-லிருந்து 1,000-க்கு 10 செ.மீ. என்றால், 1,000-லிருந்து 10,000-க்கும் அதே 10 செ.மீ. ஒவ்வொரு இரட்டிப்பும் ஏறத்தாழ 3 செ.மீ. ஆகும், 100 இருநூறானாலும் சரி, 2,000 நாலாயிரமானாலும் சரி. ஒரு வரைபடம் எந்த வகை என்று அறிய ஓரத்து எண்களைப் பார்த்தால் போதும். 1,000, 2,000, 3,000 என்று சம இடைவெளியில் இருந்தால் அது சாதாரண அளவு. மேலே போகப்போக அந்தக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கினால், அல்லது 500, 1,000, 2,000, 4,000 ஆகியவை சம இடைவெளியில் நின்றால், அது மடக்கை அளவு. எக்செலில் வரைபவர்கள் விலை அச்சின் அமைப்பில் ‘Logarithmic scale’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் மாறிவிடும். பக்கத்திலுள்ள ‘Base’ என்ற இடத்தில் 10-க்குப் பதில் 2 என்று கொடுத்தால் ஒவ்வொரு கிடைக்கோடும் முந்தியதன் இரு மடங்காக அமையும். வீட்டுக் கணக்குக்கு அதுவே எளிது.

இனி இந்த இரண்டு தாள்களிலும் ஸ்கேலை வைத்து அளக்கலாம். 1976 ஆகஸ்டில் தங்கம் சுமார் 103 டாலருக்கு இறங்கிக் கிடந்தது. 1980 ஜனவரி 21 அன்று லண்டன் விலை 850. ஏற்றம் 747 டாலர், சாதாரணத் தாளில் நாலு செ.மீ.கூட இல்லை. அடுத்த பெரிய ஓட்டம் 1999-ல் ஏறத்தாழ 253-ல் தொடங்கி 2011 செப்டம்பரில் 1,895 வரை போனது. அதற்கு 8 செ.மீ. மூன்றாவது, 2015 டிசம்பரின் 1,049-லிருந்து 2025-ன் 4,000 வரை. அதற்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரு மடங்கு பெரிது என்று கண் சொல்கிறது.

மடக்கைத் தாளில் வரிசை தலைகீழ். முதல் ஏற்றம் 8 மடங்குக்குச் சற்று மேல், அதனால் 9 செ.மீ.க்கு மேல். இரண்டாவது ஏழரை மடங்கு, கிட்டத்தட்ட 9 செ.மீ. மூன்றாவது நான்கு மடங்கைக்கூட எட்டாததால் 6 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. சரிவும் கதை சொல்லும். இந்தத் தாளில் கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகமான கூட்டு வளர்ச்சி. முதல் ஓட்டம் மூன்றரை ஆண்டில் முடிந்தது, இரண்டாவதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. உயரம் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்று ஏணி, மற்றது சாய்தளம்.

1980-ன் முதல் மூன்று வாரங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகள், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை, அமெரிக்காவில் இரட்டை இலக்கப் பணவீக்கம். 1979 முடிவில் 512 ஆக இருந்த விலை ஜனவரி 21-க்குள் 850, அதாவது 66 சதவீதம். 2025-ல் சுமார் 2,600-லிருந்து 4,000-க்கு வர ஒன்பது மாதங்களுக்கு மேல் பிடித்தது, ஏற்றம் 54 சதவீதம். சாதாரணத் தாளிலோ முந்தையது 1.7 செ.மீ., பிந்தையது 7 செ.மீ. (மாத சராசரியை வைத்து வரைந்தால் 1980-ன் முனையே மழுங்கிவிடும். அந்த ஜனவரியின் சராசரி சுமார் 675 டாலர்தான். தினசரி விலையா, சராசரியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

வீழ்ச்சிகளில்தான் மயக்கம் இன்னும் அதிகம். 2011-லிருந்து 2015 வரை தங்கம் 846 டாலர் இறங்கியது. 1980-லிருந்து 1999 வரை இறங்கியது 597 டாலர். சாதாரண வரைபடத்தில் முன்னது பெரிய பள்ளம். உண்மையில் அது 45 சதவீதம்தான், 1980-ல் உச்சத்தில் வாங்கியவர் இழந்தது 70 சதவீதம். மடக்கைத் தாளில் அந்தப் பத்தொன்பது ஆண்டுச் சரிவு 5 செ.மீ. ஆழம், 2011-ன் சரிவு அதில் பாதி.

ஆனால் மடக்கை அளவுக்கும் எல்லை உண்டு. விலை மலிவா, அதிகமா என்று அது சொல்லாது. மேலே போகப்போகக் கோடு நெருக்கப்படுவதால், 4,000-லிருந்து 3,000-க்கு விழுந்தால் அது ஒன்றேகால் செ.மீ. சறுக்கலாகவே தெரியும், வாங்கியவர் பையில் ஆயிரம் டாலர் குறைந்திருக்கும். ஒரு வருடத்துக்குள்ளான விலையைப் பார்ப்பவருக்குச் சாதாரண அளவே போதும். அந்தக் குறுகிய எல்லைக்குள் இரண்டும் பெரிதாக வேறுபடாது.

இன்னொன்றையும் அது திருத்தாது, டாலரின் தேய்மானம். 1980 தொடக்கத்திலிருந்து 2025 வரை அமெரிக்க நுகர்வோர் விலைகள் நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கின்றன. அதைக் கழிக்கும் வேலையைத் தனியாகச் செய்த பிறகே மடக்கை அளவில் வரைய வேண்டும். அப்படி வரைந்தால் 1980-ன் 850 டாலர், 2025-ன் மதிப்பில் சுமார் 3,500 டாலர் உயரத்தில் நிற்கிறது. 2011-ன் 1,895 அந்தக் கணக்கில் 2,700 அளவில் நின்றுவிடுகிறது. பழைய உச்சத்தை அது எட்டவே இல்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025-ன் பிற்பகுதியில்தான் தங்கம் அதைக் கடந்தது.