மத்தியஸ்தத் தீர்ப்பு எப்போது ரத்தாகும்?

வழக்குமன்றத்துக்குப் போகாமல், தாமே தேர்ந்த மத்தியஸ்தரிடம் பிணக்கை ஒப்படைப்போம் என்று வியாபாரிகள் செய்துகொள்ளும் உடன்படிக்கை, 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி எழுத்தில் இருத்தல் வேண்டும். கையொப்பமிட்ட தனிப் பத்திரமே தேவை என்பதில்லை, பரஸ்பரம் எழுதிக்கொண்ட கடிதங்களும் மின்னஞ்சல்களும் போதும். ஆனால் எழுத்திலிருந்தால் மட்டும் போதாது, அதில் கட்டுப்பாடும் இருக்கவேண்டும். ‘இருவரும் இசைந்தால் மத்தியஸ்தத்துக்கு விடலாம்’ என்பது பிற்காலத்தில் இன்னொரு சம்மதத்தை எதிர்நோக்கி நிற்கும் வாசகமாதலால், அது மத்தியஸ்த ஒப்பந்தமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது.

இவ்வாறு சம்மதத்தால் பிறந்த அதிகாரத்தைக் கொண்டு மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது. 34ஆவது பிரிவின்படி, தீர்ப்பின் நகல் கைக்கு வந்த 3 மாதத்துக்குள், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாளுக்குள், அதை ரத்துச் செய்யும்படி மனுப் போடலாம். ஆயினும் அங்கே நீதிபதி கேட்பது ‘தீர்ப்பு சரியா?’ என்பதன்று. ஒப்பந்தம் செல்லத்தக்கதா, கட்சிக்காரருக்குத் தம் வாதத்தைச் சொல்ல அவகாசம் கிடைத்ததா, ஒப்படைக்காத விஷயத்தில் மத்தியஸ்தர் தலையிட்டாரா, பொது நியாயத்தின் அடிப்படைக்கே தீர்ப்பு விரோதமா என்பன போன்ற சில கேள்விகளே அவர் முன் நிற்கும். சாட்சியத்தை மீண்டும் நிறுத்துப் பார்ப்பது அவர் வேலையன்று.

இக்குறுகிய வாயிலின் வழியே ஒரு கட்சி வென்ற விதத்தை, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் சாங்யாங் என்னும் கொரியக் கம்பெனிக்கும் நடந்த வழக்கு காட்டுகிறது. மத்தியப் பிரதேசத்தில் சாலை போடும் அந்தக் கான்ட்ராக்டில், விலையேற்றத்துக்கான தொகையை மொத்த விலைக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட வேண்டியிருந்தது. குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாறியபோது, ஆணையம் 2013இல் தானாகவே ஒரு சுற்றறிக்கை விடுத்துப் புதிய சூத்திரத்தைப் புகுத்தியது, கம்பெனி இணங்கவில்லை. மூன்று மத்தியஸ்தரில் இருவர், வழக்கின் பதிவில் இல்லாத அரசாங்க வழிகாட்டுக் குறிப்புகளைத் தாமே எடுத்து, கம்பெனிக்கு மறுமொழி சொல்ல வாய்ப்பளிக்காமல், ஆணையத்தின் சூத்திரத்தை ஏற்றனர்.

டெல்லி உயர் நீதிமன்றம் இருமுறை தலையிட மறுத்தது. ஒரு தரப்பு அயல்நாட்டுக் கம்பெனியாகையால், ‘வெளிப்படையான சட்டப் பிழை’ என்னும் காரணமும் பயன்படவில்லை. அது உள்நாட்டு மத்தியஸ்தத்துக்கு மட்டுமே உரியது. எனினும் உச்ச நீதிமன்றம் 2019இல், மறுமொழிக்கு வாய்ப்பளிக்காமல் புறச்சான்றைக் கொண்டதையும், ஒரு தரப்பு தன்னிச்சையாக மாற்றிய ஒப்பந்தத்தை மறு தரப்பின்மேல் சுமத்தியதையும் காரணமாக்கி, அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. பெரும்பான்மையினர் ஒப்பந்தத்துக்குத் தவறாகப் பொருள் கொண்டனர் என்ற ஒன்றே குறையாயிருந்தால், அது நிலைத்தேயிருக்கும்.

ரத்தானபின் சாதாரணமாக மத்தியஸ்தத்தை மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். கால விரயத்தைத் தவிர்க்க உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆவது ஷரத்தைக் கொண்டு, மூன்றாம் மத்தியஸ்தரின் சிறுபான்மைத் தீர்ப்பையே நிலைநாட்டியது. பிற நீதிமன்றங்களுக்கு அவ்வதிகாரம் இல்லை; தீர்ப்பை வரம்புக்குட்பட்டுத் திருத்தலாம் என்று மட்டும் 2025இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையாகத் தீர்மானித்தது.