சிவப்பு விளக்கு எரிகிறது: டைனமோவா, பெல்ட்டா?

ஓடும் காரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், பலர் முதலில் போவது பேட்டரிக் கடைக்குத்தான். புது பேட்டரி மாட்டியதும் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் விளக்கு அணைவதில்லை. இரண்டொரு நாளில் புது பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்ல வைத்த விளக்கு அல்ல அது. எஞ்சின் ஓடும்போது வரவேண்டிய சார்ஜ் வரவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

சார்ஜைத் தருவது ஆல்டர்னேட்டர். ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் டைனமோதான். எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் வந்து இதைச் சுற்றுகிறது. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கி டைனமோ வேலை செய்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் ஏறி நிற்கும். ஏறவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: டைனமோ சுற்றியும் மின்சாரம் தரவில்லை, அல்லது பெல்ட் அதைச் சரியாகச் சுற்றவில்லை. ஒயர் கழன்றிருப்பது, பெரிய ஃபியூஸ் போயிருப்பது போன்றவையும் உண்டு. ஆனால் அடிக்கடி மாட்டுவது இந்த இரண்டும்தான்.

சாலையில் விளக்கு எரிந்ததும் கண் போகவேண்டிய இடம் எஞ்சின் சூடு காட்டும் முள். பல வண்டிகளில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. ஆயில் பம்ப் வைத்த பவர் ஸ்டியரிங் என்றால் அதுவும் அதே பெல்ட்டில்தான் இருக்கும். விளக்கு எரிந்து, ஸ்டியரிங் திடீரென்று கனத்து, முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது அல்லது கழன்றுவிட்டது என்றே கொள்ளலாம். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. கூலன்ட் சுற்றாத எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போனால், பெல்ட் செலவு எஞ்சின் செலவாகிவிடும்.

முள் அசையாமல் ஸ்டியரிங்கும் இலகுவாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். பெட்ரோல் பம்ப்பும் இக்னிஷனும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுக்கு இன்னொரு 9. ப்ளோயரும் வைப்பரும் ஓடினால் மொத்தம் 30-ஐ நெருங்கும். பேட்டரி முழுவதும் காலியாகும் முன்பே வோல்டேஜ் விழுந்து எஞ்சின் தடுமாறத் தொடங்கும் என்பதால், மழை இரவில் அரை மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. பகலில் ஏசியும் ப்ளோயரும் அணைத்து ஓட்டினால் அதைவிட நன்றாகவே தாங்கும். இடையில் டீக்கடையில் நிறுத்தி எஞ்சினை அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி, இரண்டையும் பிரித்து அறிவது எப்படி? பெல்ட்டின் குறை சுமை ஏறும்போது வெளிப்படும். காலையில் முதல் ஸ்டார்ட், மழைத் தண்ணீர் தெறித்த நேரம், ஏசி போட்ட நொடி ஆகிய சமயங்களில் கிறீச்சென்று கத்தும். கத்தும்போது விளக்கு மின்னி, சத்தம் நின்றதும் அணையும். அணைத்த எஞ்சினில் பெல்ட்டைப் பார்த்தால், உள்பக்கக் கோடுகள் கண்ணாடிபோலப் பளபளக்கும். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும். போல்ட் வைத்து முறுக்கும் பழைய வகை பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம். அதைவிட அதிகம் தொங்கினால் தளர்ச்சி. தானாக இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில், எஞ்சின் ஓடும்போது டென்ஷனர் கை துடிதுடித்தால் அதன் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

டைனமோவின் குறை பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். உள்ளே உரசி உரசித் தேயும் கார்பன் பிரஷ் குட்டையானால், முதலில் ஐடிலில் விளக்கு மங்கலாக எரியும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணையும். நாளடைவில் நிரந்தரமாக எரியும். டயோடு ஒன்று போனால் விளக்கு அரைகுறையாக மினுக்கும், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் கேட்கும், இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ரெகுலேட்டர் கெட்டால் எதிர்த்திசையிலும் போகும்: மீட்டர் 15 வோல்ட்டைத் தாண்டும், பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது சில நூறு ரூபாய் மல்டிமீட்டர். எட்டு வயதான ஒரு பெட்ரோல் கார், மழைநாளில் விளக்கு மின்னியபடி ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் அணைந்த நிலையில் 12.4. ஸ்டார்ட் செய்ததும் 14.1. இதுவரை டைனமோமீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெட்லைட், ப்ளோயர், ஏசி எல்லாவற்றையும் போட்டதும் பெல்ட் கத்துகிறது, மீட்டர் 12.7-க்குச் சரிகிறது. சுமையை எடுத்தால் மறுபடி 14. எலக்ட்ரீஷியன் பெல்ட்டை முறுக்கிவிட்டு அதே சுமையைக் கொடுக்கிறார்; 13.8-ல் நின்றுவிடுகிறது. இது பெல்ட். இதே காரில் ஸ்டார்ட் செய்த பிறகும் மீட்டர் 12.2-லேயே நின்று, 2,000 சுற்றுக்கு எஞ்சினை ஏற்றியும் அசையாமல், பெல்ட்டும் கத்தாமல் இறுக்கமாக இருந்தால் டைனமோவைக் கழற்றலாம். புதிய சில கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜை வேண்டுமென்று குறைக்கும். அதனால் ஹெட்லைட் போட்டு அளந்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் கூடாது. கழற்றிய நொடியில் வோல்டேஜ் எகிறி, டைனமோ டயோடையும் வண்டியின் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சுட்டுவிடலாம்.

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெல்ட் கத்துகிறது, புது பெல்ட் போட்டாயிற்று, சில வாரத்தில் அதுவும் கத்துகிறது. டைனமோவின் பேரிங் இறுகி புல்லி கஷ்டப்பட்டுச் சுற்றினால், எந்த பெல்ட்டும் வழுக்கத்தான் செய்யும். எனவே பெல்ட் மாற்றும்போதே, அதைக் கழற்றிய நிலையில் டைனமோ புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். கரகரப்பு, ஆட்டம், இறுக்கம் எதுவும் இருக்கக்கூடாது. கத்தல் போகட்டும் என்று பெல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்த பேரிங்தான் முதலில் போகும். எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டில் விழுந்தாலும் இதே கதைதான். கசிவை அடைக்காமல் பெல்ட்டை மாற்றிப் பயனில்லை.

வேலை முடிந்தபின் கடையிலேயே மீட்டரை மறுபடி வைக்கச் சொல்லலாம். ஐடிலில், எல்லாச் சுமையும் போட்ட நிலையில், 13.5-க்குக் குறையாமல் நின்றால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இறங்கிப்போன பேட்டரியை மட்டும் வெளிச் சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டுவது நல்லது. வெற்று பேட்டரியை நிரப்பும் பாரம் முழுவதும் புது டைனமோவின் தலையிலும் பெல்ட்டின் பிடியிலும் விழும்.