எத்தனை புள்ளி, எத்தனை இழை?

மார்கழி பிறந்தால் கோலப் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதை எப்படிப் போடறது அக்கா?" பதிலுக்கு வேறு கோணத்தில் எடுத்த படமோ வீடியோவோ தேவையில்லை. சிக்குக் கோலமாக இருந்தால் அந்த ஒரே படத்திலேயே எல்லாம் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடுவதில்லை, சுற்றித்தான் போகும். அதனால் புள்ளிகள் கடைசி வரை கண்ணுக்குத் தெரியும்.

முதலில் புள்ளிகளை எண்ண வேண்டும். வளைவுகளை எண்ணினால் கணக்குத் தப்பும். படத்தை வாசலில் நின்றபடி சாய்வாக எடுத்திருப்பார்கள். தூரத்து வரிசைகள் நெருங்கித் தெரியும், நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று குழப்பும். ஆகவே மிக நீளமான நடுவரிசையை எண்ணிவிட்டு, அடுத்த வரிசையைப் பாருங்கள். இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு புள்ளி குறைந்து, மற்றவை ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக நின்றால் நேர்ப்புள்ளி. ஒன்றுதான் குறைந்து, புள்ளிகள் இடைவெளிக்கு மேலே உட்கார்ந்தால் இடைப்புள்ளி. கோலப் புத்தகத்தில் 'இடைப்புள்ளி 9–5' என்று போட்டிருந்தால், நடுவில் 9, பிறகு 8, 7, 6 என்று இறங்கி 5-இல் நிறுத்த வேண்டும் என்று பொருள். மேலும் கீழும் அப்படியே.

ஒரு சின்னக் கோலத்தைப் பிரித்துப் பார்ப்போம். நேர்ப்புள்ளி 5–1. மேலிருந்து 1, 3, 5, 3, 1 என மொத்தம் 13 புள்ளிகள். படத்தில் பார்த்தால் வளைவும் நெளிவுமாக மலைப்பாக இருக்கும். ஆனால் படத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வரும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றனவா, வெட்டாமல் வளைந்து விலகுகின்றனவா? இந்தக் கோலத்தில் அப்படி 16 இடைவெளிகள் உண்டு. நம் படத்தில் பதினாறிலும் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு படமாக இருந்தால் விலகும் இடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

இனி கோட்டின் வழி. வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது. வந்த சாய்விலேயே நேரே போக வேண்டும். கோலம் பார்த்துப் போடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

உச்சிப் புள்ளியைச் சுற்றி இடப்பக்கமாக இறங்குங்கள். நான்கு இடைவெளிகளைச் சாய்வாகக் கடந்தால் கோடு இடது நுனிப் புள்ளிக்கு வந்துவிடும். அதைச் சுற்றித் திரும்பி அடிப் புள்ளிக்கு, அங்கிருந்து வலது நுனிக்கு, பிறகு உச்சிக்கு. கோடு மூடிவிட்டது. நான்கு மூலையிலும் சுழி வைத்த ஒரு சாய்சதுரம், அவ்வளவுதான் முதல் இழை. ஆனால் கோலம் முடியவில்லை. இரண்டாம் வரிசையின் இடது ஓரப் புள்ளி, நடுப்புள்ளி, நான்காம் வரிசையின் வலது ஓரப் புள்ளி மூன்றும் சாய்வாக ஒரே கோட்டில் நிற்கின்றன. அந்த மூன்றையும் உள்ளடக்கி நீளமாக ஒரு வளையம் போடுங்கள். இரண்டாம் வரிசையின் வலது ஓரத்திலிருந்து எதிர்ச்சாய்வில் இன்னொரு வளையம். ஆக மூன்று இழைகள்.

போட்டு முடித்ததும் சரிபார்க்க மூன்று இடங்கள்: எங்கேயாவது கோட்டின் முனை தனியே நிற்கிறதா, ஏதாவது புள்ளி கோட்டுக்கு வெளியே திறந்து கிடக்கிறதா, ஒரே வழியில் கோடு இரண்டு முறை போயிருக்கிறதா. முனை நின்றால் ஏதோ ஒரு வெட்டு விட்டுப்போயிருக்கிறது. உச்சியிலிருந்து தொடங்கி விரலால் தடவிப் போனால் அந்த இடம் அகப்படும்.

எத்தனை இழை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? வரிசைகளும் புள்ளிகளும் சமமாக அடுக்கிய செவ்வகக் கோலத்தில், எல்லா இடைவெளியிலும் கோடு வெட்டினால், சொல்லலாம். இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழை. 3-க்கு 4 என்றால் ஒரே இழை, 4-க்கு 6 என்றால் இரண்டு, 3-க்கு 3 என்றால் மூன்று. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரும் இந்தக் கணக்கைச் சொன்னதில்லை, ஆனால் சரியாகப் போட்டுவிடுவார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, 1970களிலேயே கோலங்களைக் கணினிக்குப் புரியும் இலக்கண விதிகளாக எழுதிப் பார்த்தார்.

நம் சாய்சதுரக் கோலத்தை ஒரே இழையாக்கவும் வழியுண்டு. வெவ்வேறு இழைகள் வெட்டும் ஓர் இடத்தை விலகலாக மாற்றினால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். நடுப்புள்ளிக்கும் அதற்கு மேலுள்ள புள்ளிக்கும் நடுவே இரண்டு வளையங்களும் வெட்டுகின்றன. அங்கே வெட்டாமல், கீழ்க்கோட்டை நடுப்புள்ளியின் தலைமேல் வளைத்து இறக்குங்கள், மேல்கோட்டை மேற்புள்ளியின் அடியில் வளைத்து ஏற்றுங்கள். வளையங்கள் சேர்ந்துவிட்டன. இதையே சாய்சதுர இழை வளையத்தை வெட்டும் ஓரிடத்திலும் செய்தால், 13 புள்ளியையும் ஒரே கோடு சுற்றி வரும். ஆனால் நான்கு பக்கமும் ஒன்றுபோலிருந்த அழகு அதில் குலைந்துவிடும். எனக்கு மூன்று இழைக் கோலமே பிடிக்கும்.