உலைக்குள் ஓர் இரும்புத் தண்டு, நிலவுக்கு மேலே இரண்டு சுருள்

நார்வே நாட்டில் ஹால்டன் என்றோர் ஊர். அங்கே ஒரு குன்றின் வயிற்றைக் குடைந்து, உள்ளே ஓர் அணு உலையைக் கட்டி வைத்திருந்தார்கள். 1959இல் ஓடத் தொடங்கிய ஆராய்ச்சி உலை அது. 2018 வரை ஓடியது. அதன் நீராவி பக்கத்துக் காகித ஆலைக்குப் போனது என்பதைப் படித்த அன்று எனக்கு ஒரே சிரிப்பும் வியப்பும். ஆனால் இன்று உங்களை அழைத்துப் போக நினைப்பது உலையின் நட்டநடு வயிற்றுக்கு. அங்கே 240 டிகிரியில் கனநீர் கொதித்தது. அழுத்தம் வெளிக்காற்றைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். நியூட்ரான்கள் மழையாகப் பொழிந்தன. அந்த இடத்தில் வைத்து, எரிபொருள் கோல் ஒன்று எத்தனை மைக்ரோமீட்டர் நீண்டது என்று அளந்தார்கள்!

எதை வைத்து? செம்புக் கம்பியையும் ஓர் இரும்புத் தண்டையும் வைத்து. அவ்வளவே. உள்ளே ஒரு சில்லு கிடையாது, விளக்கு கிடையாது, லென்ஸ் கிடையாது, ஒன்றோடொன்று உரசும் பாகம்கூடக் கிடையாது. அதன் பெயர் எல்விடிடி.

கிட்ட வந்து பாருங்கள். ஒரு குழாய். அதன் நடுவில் ஒரு கம்பிச் சுருள். அதற்கு இரு பக்கமும் ஒன்றுபோலச் சுற்றிய இரண்டு சுருள்கள். குழாய்க்குள் எதையும் தொடாமல் முன்னும் பின்னும் நகரும் ஓர் இரும்புத் தண்டு. நடுச் சுருளுக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால், அதன் காந்தப்புலம் தண்டின் வழியே பக்கத்துச் சுருள்களுக்குப் பரவி அவற்றில் மின்னழுத்தத்தைத் தூண்டும். தண்டு சரியாக நடுவில் இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு. இடப்பக்கம் நகர்ந்தால் இடச் சுருளில் கூடும், வலச் சுருளில் குறையும். தராசுத் தட்டுகளைப் போல, ஒன்று ஏற ஒன்று இறங்கும். இரண்டின் வித்தியாசம்தான் தண்டு நகர்ந்த தூரத்தைச் சொல்லும்.

எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எனக்குப் பிடித்த நுட்பம் இருக்கிறது. தண்டு நடுவைத் தாண்டிய கணத்தில், வித்தியாச அலை தலைகீழாகப் புரள்கிறது. நடுச் சுருளின் அலை மேலே போகும்போது இது கீழே போகும். ஆகவே அளக்கும் கருவி ஊட்டும் அலையைத் தாளமாக வைத்துக்கொண்டு, வரும் அலை அதோடு ஒத்துப் போகிறதா, எதிர்த்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தாளத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நிலவுக்குப் போகும்போது தேவைப்படும்.

இப்போது ஒரு கணக்கு. இடச் சுருளில் 1.2 வோல்ட், வலச் சுருளில் 0.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4, கூட்டுத்தொகை 2.0. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.2. அடுத்து உலை சூடேறுகிறது. செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 100 டிகிரிக்கு நாற்பது சதவீதம், சாதாரண மாற்றமா அது? நடுச் சுருளில் ஓடும் மின்னோட்டம் குறைகிறது, பக்கத்துச் சுருள்கள் இரண்டும் சேர்ந்தே சோர்கின்றன. இரண்டும் பத்து சதவீதம் விழுந்ததாகக் கொண்டால் 1.08, 0.72. வித்தியாசம் 0.36, கூட்டுத்தொகை 1.8. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 0.2! வெயில் தராசின் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி அடித்தால் முள் ஏன் நகரப்போகிறது?

அந்தக் கூட்டுத்தொகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நன்றாகச் சுற்றிய கருவியில், தண்டு எங்கே நின்றாலும் கூட்டுத்தொகை அநேகமாக மாறாது. திடீரென்று அது பாதியாகிவிட்டால், தண்டு நகரவில்லை, ஒரு சுருளின் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதுவே தண்டு ஒரு கோடிக்கு ஓடியதுபோலத் தோன்றும். ஒரு குறை: இரண்டு சுருள்களையும் உள்ளேயே எதிரெதிராக இணைத்து, வித்தியாசத்தை மட்டும் வெளியே அனுப்பும் வகைகளும் உண்டு. அவற்றில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. கூடுதலாக ஓரிரு கம்பி இழுத்தால்தான் இந்த நிம்மதி கிடைக்கும்.

சரி, ஹால்டன் உலைக்குள் திரும்புவோம். எரிபொருள் பிளவுபடும்போது ஸெனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் பிறந்து கோலுக்குள் அழுத்தத்தை ஏற்றும். அதை அளக்க ஓட்டை போட்டுக் குழாய் செருக முடியுமா? முடியாது, கசிந்துவிடும். அதனால் கோலின் முனையில் உலோகத்தாலான குட்டித் துருத்தி ஒன்றை வைத்தார்கள். அழுத்தம் ஏறினால் துருத்தி அசையும், அதோடு ஒட்டிய தண்டும் அசையும். சுருள்கள் மூடிய உலோகச் சுவருக்கு வெளியே இருக்கும். காந்தப்புலம் அந்தச் சுவரை ஊடுருவிப் போய் வரும். உள்ளேயிருந்து ஒரு கம்பிகூட வெளியே வரவேண்டியதில்லை!

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எரிபொருளின் நடுமையத்தில் எத்தனை டிகிரி சூடு என்று தெரிய வேண்டும். வெப்ப இரட்டையை வைக்கலாம், வைத்தார்கள். ஆனால் நியூட்ரான் படப்படக் கம்பியின் உலோகமே வேறு தனிமமாக மாறி, அளவு மெல்ல நழுவும். அதற்கு மாற்றாக, எரிபொருள் வில்லைகளின் நடுவே துளையிட்டு நீளமான டங்ஸ்டன் கோல் ஒன்றைச் செருகினார்கள். அது சூட்டில் நீளும். அரை மீட்டர்க் கோல் 1000 டிகிரி ஏறினால் தோராயமாக 2.3 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சியை எல்விடிடி படிக்கும். சூட்டை அளக்க நீளத்தை அளக்கிறார்கள். அதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குக் குதூகலம்தான்.

இதற்கும் எல்லை இருக்கிறது. சாதாரணச் சுருளின் மேல்பூச்சு இந்தச் சூட்டிலும் கதிர்வீச்சிலும் பொடிந்துவிடும். ஆகவே கனிமத் தூளை இறுக்கிப் பொதிந்த உலோக உறைக்குள் செல்லும் கம்பி தேவை. தண்டின் காந்தத்தன்மைக்கும் ஒரு வரம்பு உண்டு. தூய இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தன்மையை இழந்துவிடும். நிக்கலுக்கு அது 360 டிகிரியை ஒட்டியே வந்துவிடுகிறது. வரம்பைத் தாண்டினால், தராசு அங்கேயே இருக்கும், எடைதான் காணாமல் போயிருக்கும்.

நேர்கோட்டில் நகர்வதற்கு இது சரி. சுழல்வதற்கு? எல்விடிடியின் உடன்பிறப்பு வருகிறது: ரிசால்வர். சுழலும் அச்சில் ஒரு சுருள். சுற்றிலும் அசையாமல் இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. சுழலும் சுருளுக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால், நிற்கும் சுருள்களில் ஒன்று கோணத்தின் சைன் அளவும் மற்றது கொசைன் அளவும் வாங்கும். முதலாவதில் 0.5, இரண்டாவதில் 0.866 என்றால் அச்சு 30 டிகிரியில் நிற்கிறது. நீளமான கம்பி இரண்டையும் பாதியாக்கி 0.25, 0.433 என்று கொண்டுவந்து தந்தாலும் விகிதம் அதேதான், கோணமும் அதேதான். இங்கேயும் ஒரு காவல் உண்டு. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் எந்தக் கோணத்திலும் ஒரே எண் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒரு சுருள் நோயில் கிடக்கிறது.

டொயோட்டா பிரியஸ் காரின் மோட்டார்களில் இருப்பது இந்தக் குடும்பம்தான். அங்கே சுருள்கள் எல்லாம் நிற்கும் பாகத்தில். சுழல்வது வளைவான விளிம்புள்ள வெறும் இரும்புத் தகடுகள். சூடான எண்ணெய் தெறிக்கும் இடம் அது. கண்ணாடித் தகட்டில் கோடு கீறி ஒளியால் எண்ணும் கருவியை அங்கே வைத்தால், எண்ணெய் படிந்த மூக்குக்கண்ணாடி கதிதான். காந்தப்புலத்துக்கு எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது நிலவு. அப்பல்லோ விண்கலங்களில் திசைகாட்டும் சுழல்மேடையின் ஒவ்வோர் அச்சிலும் ரிசால்வர்கள் இருந்தன. ஒன்று, முழுச் சுற்றுக்கு ஒருமுறை சைன் அலை தருவது. இன்னொன்று, அதே சுற்றுக்குப் பதினாறு அலை தருவது. கடிகாரத்தின் மணி முள்ளும் நிமிட முள்ளும் போல! இவற்றுக்கு 800 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் தாளம் போட்டது. இடையில் ஒரு பெட்டி உட்கார்ந்து, ‘கோணம் இதுதான்’ என்று தானே ஓர் ஊகம் வைத்துக்கொள்ளும். வரும் சைன், கொசைனோடு ஊகத்தை ஒப்பிடும். பொருந்தாத வரை துடிப்புகளைக் கணினிக்கு அனுப்பி, ஊகத்தையும் நகர்த்திக்கொண்டே போகும். பொருந்தியதும் அமைதியாகிவிடும்.

1969 ஜூலை 20. அப்பல்லோ 11இன் ஈகிள் கலம் நிலவில் இறங்குகிறது. தரையிறங்க முடியாமல் போனால் தாய்க்கலத்தைத் தேடிப்பிடிக்க, சந்திப்பு ரேடாரையும் ஆன் செய்து வைத்திருந்தார்கள். அதன் ஆன்டெனாவின் இரண்டு அச்சுக் கோணங்களையும் ரிசால்வர்கள்தான் சொல்ல வேண்டும். ரேடாரின் சுவிட்ச், கணினி கட்டுப்படுத்தும் நிலையில் இல்லை. அதனால் அந்த ரிசால்வர்களுக்கு 800 ஹெர்ட்ஸ் வேறொரு மின்னமைப்பிலிருந்து வந்தது. ஒப்பிடும் பெட்டியோ வழிகாட்டு அமைப்பின் 800 ஹெர்ட்ஸைத் தாளமாக வைத்திருந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டவை. ஆனால் எங்கே தொடங்குவது என்பதில் உடன்பாடு இல்லை. மிருதங்கமும் பாட்டும் ஒரே காலப்பிரமாணத்தில் போகின்றன, எடுப்பு மட்டும் வேறு வேறு. கச்சேரி என்ன ஆகும்?

பெட்டிக்கு ஊகம் பொருந்தவே இல்லை. ஆன்டெனா அசையாமல் நிற்க, அது எங்கோ ஓடுவதாக நினைத்துத் துடிப்புகளை இறைத்தது. ஓர் அச்சுக்கு நொடிக்கு 6,400 வரை, இரண்டுக்கும் 12,800 வரை. ஒவ்வொரு துடிப்பும் கணினியின் ஒரு நினைவகச் சுழற்சியை, அதாவது 11.7 மைக்ரோவினாடியை, திருடும். பெருக்கிப் பாருங்கள்: நொடியில் 0.15 பங்கு! இறங்கும் நிரல் ஓடியதுபோகக் கணினிக்கு மிச்சமிருந்த நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். கலத்தில் இருந்த ஆல்ட்ரின் கூடுதலாக ஒரு கணக்கைத் திரையில் கேட்டபோது, அது தாங்கவில்லை. 1202 என்ற எச்சரிக்கை எரிந்தது.

ரிசால்வர்கள் பழுதாகவில்லை. கம்பி அறுந்திருந்தால், வர்க்கக் கணக்கு போட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இங்கே சுருள்கள் நலம், இரும்பு நலம், தாளம்தான் தப்பு. அவசியமான வேலைகளை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மறுபடி தொடங்கும்படி எழுதப்பட்டிருந்ததால், கணினி சமாளித்தது. ஈகிள் இறங்கியது. பூமியில் இருந்தவர்கள் அடுத்த சில மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். நிலவிலிருந்து கிளம்பும் முன் கலத்துக்கு ஒரு செய்தி போனது: ரேடார் சுவிட்சைக் கணினி நிலைக்குத் திருப்பி வையுங்கள்.